ஆறு ஊர், ஐந்து வாரம்: லீக் அட்டவணை போடும் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலி, சிதம்பரம். இந்த ஆறு ஊர் வாலிபால் அணிகளுக்கு லீக் அட்டவணை போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் ஒருமுறை ஆட வேண்டும். வாரம் மூன்று ஆட்டம், ஐந்து வாரம், மொத்தம் பதினைந்து ஆட்டம். சொந்த ஊரில் ஆடுவதும் வெளியூர் போய் ஆடுவதும் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. இதை முழுஎண் நிரலாக எழுதி, தீர்வு தேடித் தரும் மென்பொருளான சால்வரிடம் கொடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, `Infeasible`, அதாவது தீர்வே இல்லை என்று வந்து நின்றது.

மாறிகளில் கோளாறு இல்லை. i என்ற அணி தன் மைதானத்தில் j என்ற அணியை r என்ற வாரத்தில் சந்தித்தால் `x[i,j,r]` ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் வாரம் ஒரே ஆட்டம். இந்த இரண்டு கட்டுப்பாடுகளோடு நிறுத்தியிருந்தால் தீர்வுகள் ஏராளம். மூன்றாவதாகச் சேர்த்த "சமம்" என்ற வரிதான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது.

சமத்தைச் சமன்பாடாக எழுதுவது

ஓர் அணிக்கு ஐந்து ஆட்டம். ஐந்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டரை. நான் எழுதிய வரியில் உள்ளூர் ஆட்டங்களின் எண்ணிக்கை `== 5//2` என்று இருந்தது, அதாவது ஆளுக்கு இரண்டு. ஆறு அணிக்கும் கூட்டினால் பன்னிரண்டு. நடக்க வேண்டிய ஆட்டமோ பதினைந்து, ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் ஊரில்தான் நடந்தாக வேண்டும். மூன்று ஆட்டத்துக்கு மைதானமே இல்லை என்று சால்வர் சரியாகவே சொல்லியிருக்கிறது.

அணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் ஒற்றைச் சுற்று லீக்கில் முழுச் சமம் வரவே வராது. மூன்று அணிக்கு மூன்று உள்ளூர் ஆட்டம், மற்ற மூன்று அணிக்கு இரண்டு. இதைவிட நெருங்க வழியில்லை. எனவே `>= 2`, `<= 3` என்று இரண்டு வரிகளாக எழுத வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் கதை மாறும். ஏழு அணி இருந்தால் வாரம் ஓர் அணிக்கு ஓய்வு, ஆளுக்கு ஆறு ஆட்டம், மூன்றுக்கு மூன்று கச்சிதமாக அமையும். அங்கே சமன்பாடு போடலாம்.

யாருக்கு மூன்று, யாருக்கு இரண்டு என்பதை அட்டவணை போடும் முன்பே அமைப்பாளர்களிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது சூழ்ச்சி போலத் தெரியும்.

பிரேக்கே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது

அடுத்தடுத்த இரண்டு வாரம் உள்ளூரிலோ, அடுத்தடுத்த இரண்டு வாரம் வெளியூரிலோ ஆடினால் அதை இத்துறையில் பிரேக் என்பார்கள். எல்லோருக்கும் உள்ளூர், வெளியூர் என்று மாறி மாறி வரட்டும் என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மாறி மாறி வரும் வரிசைகள் இரண்டுதான் உண்டு. ஒன்று உள்ளூரில் தொடங்கும், மற்றொன்று வெளியூரில் தொடங்கும். இரண்டு அணிகள் ஒரே வரிசையில் இருந்தால் அவை எல்லா வாரமும் ஒன்றாக ஊரில் இருக்கும், ஒன்றாக வெளியே போகும். அவற்றுக்கு இடையே ஆட்டமே நடக்க முடியாது. ஆகவே பிரேக் இல்லாத அணிகள் அதிகபட்சம் இரண்டு, மீதி நான்குக்கு ஆளுக்கு ஒன்றாவது வரும். பொதுவாக n இரட்டைப்படை என்றால் குறைந்தது n−2. இதைக் கணிதவியலாளர் டி வெர்ரா 1981இல் நிறுவியதோடு, அந்த எண்ணை எட்டும் அட்டவணை எப்போதும் உண்டு என்றும் காட்டினார்.

நம் ஆறு ஊருக்கு அப்படி ஒன்று இதோ. ஒவ்வோர் ஆட்டத்திலும் முதலில் இருக்கும் ஊரில்தான் ஆட்டம் நடக்கும்.

வாரம் 1: கடலூர்–சிதம்பரம், நெய்வேலி–நெல்லிக்குப்பம், பண்ருட்டி–குறிஞ்சிப்பாடி
வாரம் 2: நெய்வேலி–கடலூர், குறிஞ்சிப்பாடி–சிதம்பரம், நெல்லிக்குப்பம்–பண்ருட்டி
வாரம் 3: கடலூர்–குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி–நெய்வேலி, சிதம்பரம்–நெல்லிக்குப்பம்
வாரம் 4: பண்ருட்டி–கடலூர், நெல்லிக்குப்பம்–குறிஞ்சிப்பாடி, நெய்வேலி–சிதம்பரம்
வாரம் 5: கடலூர்–நெல்லிக்குப்பம், சிதம்பரம்–பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி–நெய்வேலி

கடலூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் பிரேக் இல்லை. சிதம்பரத்துக்கும் நெய்வேலிக்கும் இரண்டாம் வாரத்தில், குறிஞ்சிப்பாடிக்கும் பண்ருட்டிக்கும் நான்காம் வாரத்தில். மொத்தம் நான்கு. பிரேக்குகள் ஜோடியாக வருவது தற்செயல் இல்லை. ஒவ்வொரு வாரமும் மூன்று அணி ஊரில், மூன்று அணி வெளியே. ஒன்று தொடர்ந்து ஊரில் இருந்தால், ஈடுகட்ட இன்னொன்று தொடர்ந்து வெளியே இருந்தாக வேண்டும்.

சால்வருக்குத் தெரியாததைச் சொல்லாமல் விடுவது

இதுதான் எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்த தவறு. கட்டுப்பாடுகள் எல்லாம் சரி, பிரேக்குகளைக் குறைக்கச் சொல்லும் குறிக்கோளும் சரி. இருந்தும் ஓட விட்டால் முடியாது. ஆறு அணியில் இது தெரியாது, எப்படியும் சீக்கிரம் முடிந்துவிடும். பன்னிரண்டு, பதினாறு என்று போகும்போது நல்ல அட்டவணை ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தாலும், அதுதான் மிகச் சிறந்தது என்று சால்வரால் உறுதி செய்ய முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

காரணம் நேரியல் தளர்வில் இருக்கிறது. சால்வர் முதலில் 0, 1 என்ற நிபந்தனையைத் தளர்த்திப் பின்னங்களை அனுமதித்துப் பார்க்கும். அப்போது அது, நம் ஆறு அணி நிரலில் என்றால், எல்லா `x`ஐயும் பத்தில் ஒன்று என்று வைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஜோடியும் ஐந்து வாரத்தில், இரண்டு ஊரிலும் பத்தில் ஒரு பங்கு ஆடிக் கூட்டுத்தொகை ஒன்றாகிவிடும். ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு வாரமும் பாதி ஊரில், பாதி வெளியே. ஓர் அணி r என்ற வாரத்தில் ஊரில் ஆடினால் `h[r]` ஒன்று, வெளியே போனால் பூஜ்யம் என்று வைத்தால், பிரேக்கைக் கணக்கிடும் வரி `h[r] + h[r+1] - 1`. அரையும் அரையும் ஒன்று, அதில் ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். ஆக, பிரேக்கே இல்லாத அட்டவணை எங்கோ இருக்கிறது என்று சால்வர் நம்பித் தேடிக்கொண்டே இருக்கிறது. சிபிசி சால்வரின் லாகில் `best possible` என்ற எண்ணைக் கவனியுங்கள். அது நெடுநேரம் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தால் நோய் இதுதான்.

மருந்து, மேலே காகிதத்தில் நிறுவிய உண்மையை நாமே ஒரு வரியாகச் சேர்ப்பது. கீழே `T` அணிகள், `R` வாரங்கள், `m` நிரல்; i என்ற அணிக்கு r, r+1 வாரங்களுக்கு இடையே பிரேக் விழுந்தால் `b[i,r]` ஒன்று:

```python
for i in T:
    h = {r: lpSum(x[i,j,r] for j in T if j != i) for r in R}
    m += lpSum(h.values()) >= 2
    m += lpSum(h.values()) <= 3
    for r in R[:-1]:
        m += b[i,r] >= h[r] + h[r+1] - 1
        m += b[i,r] >= 1 - h[r] - h[r+1]
m += lpSum(b.values()) >= 4
```

கடைசி வரி இருந்தால், நான்கு பிரேக் உள்ள அட்டவணை கைக்கு வந்த கணமே வேலை முடிந்தது. ஆனால் அங்கே `== 4` என்று எழுதிவிடாதீர்கள். ஊர்களின் தனிக் கோரிக்கைகள் சேரும்போது உண்மையான குறைந்த அளவு ஆறாகக்கூட உயரலாம். `>=` என்பது அப்போதும் பொய்யாகாது, `==` தீர்வையே கொன்றுவிடும்.

முதல் பாதியைத் திருப்பிப்போட்டு இரண்டாம் பாதி ஆக்குவது

ஐந்து வாரம் போதாது, பத்து வாரம் வைப்போம் என்று அமைப்பாளர்கள் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி. ஆளுக்குப் பத்து ஆட்டம், ஐந்துக்கு ஐந்து, முழுச் சமம் வந்துவிடுகிறது. முதல் ஐந்து வாரத்தை அப்படியே எடுத்து, ஊரை மட்டும் மாற்றி அடுத்த ஐந்து வாரமாக ஒட்டினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மேலே உள்ள அட்டவணையில் நெய்வேலியின் வரிசையைப் பாருங்கள்: உள், உள், வெளி, உள், வெளி. திருப்பினால் வெளி, வெளி, உள், வெளி, உள். இரண்டையும் ஒட்டினால் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று வாரமும் நெய்வேலி தொடர்ந்து வெளியூர். அதே மூன்று வாரமும் சிதம்பரம் தொடர்ந்து உள்ளூர். நெய்வேலிக்காரர்கள் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

ஐந்து வாரத்தில் ஒரே ஒரு பிரேக் உள்ள அணியின் வரிசை ஒரு விதமாகத் தொடங்கி எதிர் விதமாக முடியும். திருப்பிப்போட்ட பாதியும் அந்த எதிர் விதமாகத்தான் தொடங்கும், ஆகவே ஒட்டும் இடத்தில் இன்னொரு பிரேக் தவறாமல் விழும். அத்தகைய அணிக்கு மொத்தம் மூன்று, நான்கு அணிக்குப் பன்னிரண்டு. இதைக் குறைக்க முடியாது. மூன்று தொடர் வாரம் மட்டும் தவிர்க்கக்கூடியது. முதல் பாதியின் பிரேக் இரண்டாம் வாரத்திலோ ஐந்தாம் வாரத்திலோ விழக் கூடாது, மூன்றாம், நான்காம் வாரங்களில் விழட்டும் என்று கட்டுப்பாடு போட்டால் தீர்வு இருக்கிறது, கையால் போட்டே சரிபார்த்தேன். அப்போது ஓர் அணியின் வரிசை உள், வெளி, வெளி, உள், வெளி, வெளி, உள், உள், வெளி, உள் என்று போகும். பிரேக் அதே பன்னிரண்டு, ஆனால் எங்கும் மூன்று தொடராது.

கோரிக்கை வந்த பிறகும் சமச்சீர் வரியை விட்டுவைப்பது

அணிகளின் பெயரை மாற்றிப்போட்டால் ஒரே அட்டவணை நூறு வேடத்தில் வரும், சால்வர் அத்தனையையும் தனித்தனியாகத் துழாவும். அதைத் தடுக்க ஓர் அணி யாரை எந்த வாரம் சந்திக்கும் என்பதை முன்பே முடிவுசெய்து எழுதிவைப்பார்கள், இவைதான் சமச்சீர் வரிகள். நானும் ஐந்து வார நிரலில் கடலூருக்கு முதல் வாரம் சிதம்பரம், இரண்டாம் வாரம் நெய்வேலி என்று வரிசையாக எழுதியிருந்தேன்.

பிறகு இரண்டு கோரிக்கை வந்தன. மூன்றாம் வாரம் மாசி மகம். தேவனாம்பட்டினம் கடற்கரைத் தீர்த்தவாரிக்குக் கூட்டம் திரளும், அன்று கடலூரில் ஆட்டம் வேண்டாம். கடைசி வாரம் கடலூர்–நெய்வேலி ஆட்டம், கடலூரிலேயே வேண்டும். சேர்த்ததும் மீண்டும் `Infeasible`. கோரிக்கைகளில் ஒன்றை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல அலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அதற்குள் சமச்சீர் வரிகளை மட்டும் நீக்கி ஒருமுறை ஓடவிட்டேன், தீர்வு வந்தது. நெய்வேலியை இரண்டாம் வாரத்தில் பூட்டியவன் நான்தான். பெயர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம் என்ற வரைதான் அந்தப் பூட்டு செல்லும். ஓர் ஊர் தன் பெயரைச் சொல்லி ஒன்று கேட்ட நொடியே அது செல்லாது.

சால்வர்கூடத் தேவைப்பட்டிருக்காது. மேலே உள்ள ஐந்து வார அட்டவணையில் கடலூர், குறிஞ்சிப்பாடி என்ற இரண்டு பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றாம் வாரம் கடலூர் அணி குறிஞ்சிப்பாடிக்குப் போகிறது, ஐந்தாம் வாரம் கடலூரில் நெய்வேலியைச் சந்திக்கிறது. பிரேக் அதே நான்குதான். கடலூருக்கு நஷ்டம் ஓர் உள்ளூர் ஆட்டமும், மூன்று, நான்காம் வாரங்களில் தொடர்ந்து வெளியூர் போவதும்.