ஃபார்வர்டிங் இருந்தும் லோடுக்குப் பின் ஏன் ஒரு ஸ்டால்? அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஐந்து நிலை பைப்லைனைப் படிக்கும்போது ஃபார்வர்டிங் வரைக்கும் எல்லாம் சுலபமாகத்தான் போகும். லோடு கட்டளை உள்ளே வந்ததும் தடுமாற்றம் தொடங்கும். கீழே வரும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இந்த மூன்று வரிகளே போதும்:

```
lw  x5, 0(x10)
add x6, x5, x7
sub x8, x6, x5
```

`x10`-இல் 1000, நினைவகத்தின் 1000-ஆவது முகவரியில் 42, `x7`-இல் 8 இருப்பதாக வைத்துக்கொள்வோம். `x6`-க்கு 50 வர வேண்டும்.

முதல் தவறு: அம்புக்குறியைப் பின்னோக்கி வரைவது

`add` ஒரு விடையைக் கணக்கிட்டால் அது `EX` நிலையின் முடிவிலேயே தயார். ரெஜிஸ்டரில் எழுதப்படுவதுதான் இரண்டு நிலை தள்ளி, `WB`-யில். அடுத்த கட்டளைக்கு அந்த மதிப்பு அதன் `EX` தொடங்கும்போது தேவை. அதாவது, மதிப்பு ஏற்கெனவே பிறந்துவிட்டது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகவில்லை. குறுக்கே ஒரு கம்பி போட்டால் தீர்ந்தது. அந்தக் கம்பிதான் ஃபார்வர்டிங்.

லோடின் கதை வேறு. `lw` முதல் சைக்கிளில் நுழைந்தால், மூன்றாவது சைக்கிளில் அதன் `EX` முகவரியை மட்டுமே கணக்கிடுகிறது. 42 என்ற மதிப்பு நினைவகத்திலிருந்து வெளியே வருவது நான்காவது சைக்கிளின் முடிவில். ஸ்டால் இல்லாவிட்டால் `add`-இன் `EX` தொடங்குவது அதே நான்காவது சைக்கிளின் ஆரம்பத்தில். சைக்கிளின் முடிவில் பிறப்பதை அதே சைக்கிளின் ஆரம்பத்துக்கு எந்தக் கம்பியாலும் கொண்டுவர முடியாது. படத்தில் அம்பு இடப்பக்கம் திரும்பினால் அங்கே தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, நினைவகத்தின் வெளியீட்டை அதே சைக்கிளுக்குள் நேரே ஏஎல்யூவுக்குக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொடுக்கலாம், ஆனால் சைக்கிள் நீளும். நினைவகத்துக்கு 200 பிகோ நொடி, ஏஎல்யூவுக்கு 200 பிகோ நொடி என்று எடுத்துக்கொண்டால், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சைக்கிளில் முடிய 400 வேண்டும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கட்டளைகளும் அந்த வேகத்தில்தான் ஓடும். மாறாக, பத்துக் கட்டளைக்கு ஒரு முறை ஒரு ஸ்டால் விழுந்தாலும் சராசரி 220-தான்.

இரண்டாவது தவறு: `EX/MEM`-இல் இருப்பதை மதிப்பு என்று நினைப்பது

நான்காவது சைக்கிளில் `EX/MEM` ரெஜிஸ்டரில் `lw`-க்குரிய ஓர் எண் இருக்கத்தான் செய்கிறது. அதன் `rd`-யும் `x5`-தான், `RegWrite`-உம் 1-தான். ஃபார்வர்டிங் யூனிட் வேறு எதைப் பார்க்கும்? பொருந்துகிறது என்று எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் அந்த எண் 1000, அதாவது முகவரி. `x6`-இல் 1008 வந்து உட்காரும்.

வடிவமைப்பைச் சோதிக்கும்போது இது நல்ல தடயம். விடை பழைய `x5`-ஐ வைத்து வந்திருந்தால் ஃபார்வர்டிங்கே நடக்கவில்லை. முகவரியை வைத்து வந்திருந்தால் ஃபார்வர்டிங் நடந்திருக்கிறது, ஸ்டால் நடக்கவில்லை. அதனால் சோதனைக்கு முகவரியும் மதிப்பும் பார்த்தவுடன் வேறுபடுகிற எண்களாக எடுப்பது நல்லது.

மூன்றாவது தவறு: ஸ்டாலின் எண்ணிக்கை

ஃபார்வர்டிங் உதவாது என்று கேட்டதும் சிலர் அதை முழுவதுமாகக் கைவிட்டு இரண்டு ஸ்டால் போடுகிறார்கள். ஃபார்வர்டிங்கே இல்லாத பைப்லைனில்தான் இரண்டு, அதுவும் சைக்கிளின் முதல் பாதியில் ரெஜிஸ்டரில் எழுதி இரண்டாம் பாதியில் படிக்க முடிந்தால். இங்கே ஒன்றுதான்:

```
       1   2   3   4   5   6   7   8
lw     IF  ID  EX  MEM WB
add        IF  ID  ID  EX  MEM WB
sub            IF  IF  ID  EX  MEM WB
```

ஐந்தாவது சைக்கிளில் 42 `MEM/WB`-யில் இருக்கிறது. அங்கிருந்து `add`-இன் `EX`-க்கு அதைக் கொண்டுபோவது ஃபார்வர்டிங்தான். ஸ்டால் ஒரு சைக்கிள் அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் `sub`: அது `x5`-ஐ ஐந்தாவது சைக்கிளில் சாதாரணமாகவே ரெஜிஸ்டரிலிருந்து படித்துவிடும், `x6`-ஐ மட்டும் ஆறாவது சைக்கிளில் `EX/MEM`-இலிருந்து வாங்கிக்கொள்ளும். அதற்கென்று தனி ஸ்டால் கிடையாது.

நான்காவது தவறு: பாதி ஸ்டால்

என்னை மிக அதிகம் அலைய விட்டது இதுதான். ஹசார்டைக் கண்டுபிடிக்கும் நிபந்தனை எளிது:

```
ID/EX.MemRead and
(ID/EX.rd == IF/ID.rs1 or ID/EX.rd == IF/ID.rs2)
```

இது உண்மையானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். `PC`-யையும் `IF/ID`-யையும் அப்படியே பிடித்து வைக்க வேண்டும். `ID/EX`-க்குப் போகும் கட்டுப்பாட்டு சிக்னல்களைச் சுழியமாக்க வேண்டும், அப்படி எதுவும் செய்யாமல் நகரும் வெற்றுக் கட்டளைதான் குமிழி. முதலாவதை மறந்தால் `add` காணாமல் போய்விடும், உடனே தெரிந்துவிடும். இரண்டாவதை மறந்தால் `add` இரண்டு முறை ஓடும்: முதல் பிரதி 1008 எழுதும், அடுத்த பிரதி 50 எழுதும். கடைசியில் `x6`-இல் 50 இருப்பதால் சோதனை வெற்றி!

வரியை `add x5, x5, x7` என்று மாற்றிப் பார்த்தால் வேஷம் கலையும். முதல் பிரதி 1008 என்று கணக்கிடுகிறது. இரண்டாம் பிரதிக்கு `x5` இரண்டு இடத்தில் கிடைக்கிறது: `MEM/WB`-யில் 42, `EX/MEM`-இல் 1008. புதியதற்குத்தான் முன்னுரிமை என்பதால் 1008-உடன் 8 சேர்ந்து 1016 வரும். விடை 1016 என்று கண்டால் ஃபார்வர்டிங் யூனிட்டைக் குடைய வேண்டாம், குமிழி சரியாக விழுந்ததா என்று பாருங்கள்.

எல்லா லோடுக்கும் ஸ்டால் போடுவது

இது பிழை இல்லை, வீண் செலவு. `lw x5, 0(x10)`-க்கு அடுத்து `sw x5, 0(x11)` வந்தால், `sw`-க்கு `x5` தேவைப்படுவது `EX`-இல் அல்ல, `MEM`-இல். அந்த நேரத்துக்கு 42 `MEM/WB`-க்கு வந்துவிட்டிருக்கும். நினைவகத்தின் தரவு உள்ளீட்டில் ஒரு மக்ஸ் சேர்த்தால் ஸ்டாலே வேண்டாம். ஆனால் `sw x7, 0(x5)` என்றால் `x5` முகவரிக்கு வேண்டும், அது `EX`-இல் கணக்காகிறது, ஸ்டால் தவிராது. மேலே உள்ள நிபந்தனை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்கு நகலெடுக்கும் லூப்களில் லோடும் ஸ்டோரும் ஒட்டி வந்தால் இந்த வித்தியாசம் தெரியும்.

கம்பைலர் இடையில் தொடர்பில்லாத ஒரு கட்டளையை நகர்த்தி வைத்தால் ஸ்டால் மறையும். அதை வைத்து ஹசார்டே போய்விட்டது என்று எண்ண வேண்டாம். அந்த ஒரு சைக்கிள் இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது, அதில் உருப்படியான வேலை ஒன்று நடக்கிறது. 1980-களில் வந்த எம்ஐபிஎஸ் R2000 சிப்பில் இந்த ஸ்டாலை வன்பொருள் போடவே போடாது. லோடுக்கு அடுத்த கட்டளை அந்த மதிப்பைத் தொடக்கூடாது என்பதே விதி. நகர்த்த எதுவும் அகப்படாவிட்டால் கம்பைலர் அங்கே ஒரு `nop` வைத்தாக வேண்டும்.