கூப்பிடும் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டுத் தம்பிக்கு டொராண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறான். "அக்கா, என் பேரு அங்க யார் வாயிலயும் வராதாமே, டெர்ரின்னு வச்சுக்கவா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பெரியநாயகி. பாடலீஸ்வரர் கோயில் அம்மன் பெயர், ஆயா வைத்தது. பள்ளியில் இரா. பெரியநாயகி. பாஸ்போர்ட்டில் அந்த இரா விரிந்து, அப்பா பெயர் Surname கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கனடாவில் நேர்காணலிலேயே மேலாளர் என் பெயரில் தடுக்கி விழுந்தார். பெர்ரி என்று கூப்பிடலாமா என்றார், சரி என்றேன். தப்பு அதில் இல்லை. வேலையில் சேரும் படிவத்தில் First name என்ற கட்டத்திலும் Perry என்றே எழுதினேன் பாருங்கள், அதுதான் தப்பு. பக்கத்திலேயே Preferred name என்று இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. அது எதற்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை.

இதில் மோசம் என்னவென்றால், தப்பு நடந்தது உடனே தெரியாது. சம்பளம் வங்கிக் கணக்கு எண்ணைப் பார்த்து விழுகிறது. வருமான வரிக்கு நிறுவனம் தரும் T4 தாளை வரித்துறை, அங்கே வேலை செய்பவர்களுக்கு அரசு தரும் SIN எண்ணை வைத்துப் பொருத்திக்கொள்கிறது. சம்பளச் சீட்டில் Perry Rajendran என்று மாதாமாதம் வந்தது, நான் தொகையை மட்டும்தான் பார்த்தேன். பதினான்கு மாதம் இப்படியே ஓடியது.

அப்புறம் வேலை மாறினேன். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்தது. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாக் காகிதமும் போய்ச் சேர வேண்டும். பழைய நிறுவனத்திடம் அனுபவக் கடிதம் கேட்டேன். பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலை எல்லாம் சரியாக இருந்தது. பெயர் மட்டும் Perry Rajendran. அந்தப் பெயரில் உலகத்தில் என்னிடம் ஒரு அடையாள அட்டைகூட இல்லை.

மாற்றித் தரச் சொன்னால், பெயர் மாற்றச் சான்றிதழ் கொடுங்கள் என்றார்கள். நான் பெயரை மாற்றவே இல்லையே, சான்றிதழுக்கு எங்கே போவது? என்னை அறிந்த மனிதவள அலுவலர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். பாஸ்போர்ட், வேலை அனுமதி, SIN கடிதம், அதே எண் உள்ள T4, என் பெயரிலுள்ள கணக்கில் அவர்கள் சம்பளம் விழுந்த வங்கிப் பட்டியல் என்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பி, இரண்டு எண்ணும் ஒன்றுதான் பாருங்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் Periyanayagi Rajendran, known at work as Perry என்று கடிதம் வந்தது. அன்று 52ஆவது நாள். அந்த ஏழு வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

அதனால், வேலையில் சேர்ந்த மூன்று நாளுக்குள் SIN எண்ணைக் கொடுக்கச் சொல்வார்கள் அல்லவா, அன்றைக்கே பெயரையும் பார்த்துவிடுங்கள். Legal name அல்லது First name என்று கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு எழுத்துக்கூட மாறாமல் எழுதுங்கள். கூப்பிடும் பெயர் Preferred name கட்டத்துக்கு மட்டும். அப்படிக் கட்டமே இல்லையென்றால் எதிலும் எழுதாமல் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் தொகைக்கு முன்னால் பெயரைப் படியுங்கள். தவறு இருந்தால் அன்றே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். உங்களை வேலைக்கு எடுத்தவர்கள் இன்னும் அங்கே இருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை.

எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். பெர்ரி அங்கே ஆண்களுக்கும் வைக்கும் பெயர் என்பதே எனக்குத் தெரியாது. முகம் பார்க்காதவர்கள் மிஸ்டர் பெர்ரி என்று எழுதினார்கள். புது அலுவலகத்தில் என்னை நாயகி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாளே "நா-ய-கி" என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னேன், ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். மின்னஞ்சலின் அடியில் முழுப்பெயர் இருக்கிறது.

தம்பியின் பெயர் திருநாவுக்கரசு. அப்பர் கல்லோடு கரையேறிய ஊர் என்று நம் ஊரில் அந்தப் பெயர் வைப்பார்கள். வீட்டில் அரசு என்றுதான் கூப்பிடுவார்கள், அது எந்த வெள்ளைக்காரர் வாயிலும் வரும். டெர்ரிதான் வேண்டும் என்றாலும் வைத்துக்கொள்ளட்டும். படிவத்தை நிரப்பிவிட்டு, அனுப்பும் முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.