மாவு வாங்குவதா, கிரைண்டரில் ஆட்டுவதா: கணக்கில் வரும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது தெருவுக்குத் தெரு மாவுக்கடை இருக்கிறது. ஆட்கள் குறைந்த வீடுகளில் வாராவாரம் மாவு வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. கிரைண்டர் லாபமா, கடை மாவு லாபமா என்று பேச்சு வரும்போது பலரும் போடும் கணக்கு முதல் வரியிலேயே பிசகுகிறது.

ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கடையில் ஒரு கிலோ மாவும் 50 ரூபாய், அப்புறம் எதற்கு ஆட்ட வேண்டும் என்கிறார்கள். மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டு ஆட்டினால் கிட்டத்தட்ட மூன்று கிலோ மாவு வரும். அரிசி 50, உளுந்து 35, வெந்தயம், உப்பு, கரண்டு எல்லாம் சேர்த்து 5 என்று வைத்தால் மொத்தம் 90 ரூபாய். அதாவது கிலோ மாவு 30 ரூபாய். கடை மாவோடு பார்த்தால் கிலோவுக்கு 20 ரூபாய் மிச்சம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், கணக்குப் போடும் முறை இதுதான்.

அடுத்த தவறு, எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்பதை விட்டுவிடுவது. வாரம் மூன்று கிலோ செலவாகும் வீட்டில் வாரத்துக்கு 60 ரூபாய் மிஞ்சும். 5,500 ரூபாய் கிரைண்டர் ஒன்றே முக்கால் வருஷத்தில் தன் விலையை எடுத்துவிடும். இரண்டே பேர், வாரம் ஒரு கிலோ என்றால் அதற்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். ஊறப்போட, ஆட்ட, கல்லைத் தூக்கிக் கழுவ ஆகும் நேரம் தனி. முதுகுவலி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்த கிரைண்டர் பரணில் கிடந்தால், விலையைப் பற்றிய பேச்சே இல்லை. பெல்ட் மாற்றும் செலவு மட்டும்தான்.

கடை மாவு வாங்குபவர்கள் செய்யும் தவறு வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்கிறார்கள். அது பெரும்பாலும் கடையிலேயே பொங்கி வந்த மாவு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் புளிப்பது மெதுவாகுமே தவிர நிற்காது. முதல் இரண்டு நாள் இட்லிக்கு, பிறகு தோசைக்கு, கடைசியில் வெங்காயம் தாளித்துக் குழிப்பணியாரத்துக்கு என்றுதான் அது போகும். வாரம் முழுக்க இட்லி வேண்டுமென்றால் சிறிது சிறிதாக இரண்டு முறை வாங்குங்கள். மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் புளிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். கலக்கித் தோசை வார்க்கலாம். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் விட, செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, இட்லி தோசையை மட்டும் வைத்து ஒப்பிடுவது. வெள்ளைப் பணியாரத்துக்குக் கடை மாவு உதவவே உதவாது. அதற்கு அரிசியே வேறு, பச்சரிசி. ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ, அதுதான் அளவு. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய் போல ஆட்ட வேண்டும். புளிக்க விடக்கூடாது. ஆட்டிய கையோடு உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, கரண்டியில் மொண்டு காய்ந்த எண்ணெயில் ஊற்றினால் ஓரம் மடிந்து, நடு உப்பி, வெள்ளையாகவே எழும்பும். மாவு புளித்திருந்தால் எண்ணெய் குடிக்கும், நிறமும் சிவந்துவிடும். மசாலாச் சீயத்துக்கும் இதே போல அன்றைக்கு ஆட்டிய மாவுதான். மாசத்தில் நான்கு நாள் பலகாரம் செய்யும் ஆச்சி இருக்கும் வீட்டில், கிரைண்டரை இட்லி மாவின் விலையோடு மட்டும் நிறுத்துப் பார்ப்பது நியாயமே இல்லை.

இங்கேதான் அளவிலும் ஏமாறுகிறார்கள். விசேஷத்துக்கு ஆகும் என்று பெரிய கிரைண்டராக வாங்கிவிட்டு, ஒரு உழக்குப் பணியார மாவு ஆட்டும்போது திண்டாடுகிறார்கள். கொஞ்சமாகப் போட்டால் கல்லுக்கு மாவு சிக்காது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தள்ளிவிடத் தள்ளிவிடத் தண்ணீர் கூடி மாவு நீர்த்துப்போகும். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் கிரைண்டர் தாராளம். அதிலும் ஒரு உழக்கு ஆட்டும்போது பக்கத்திலேயே நின்று கரண்டியால் வழித்துவிட வேண்டியிருக்கும். விசேஷத்துக்கு வேண்டுமானால் இரண்டு ஈடாக ஆட்டிக்கொள்ளலாம்.