தரைக்கு ஒவ்வாத ஸ்டட்: உதைபந்தாட்டப் பூட்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்ஸ் வாங்கும்போது வழுக்கி விழாமல் இருப்பதைப் பற்றியே பெரும்பாலானோர் யோசிக்கிறார்கள். ஆனால் முழங்காலுக்குப் பெருங்கேடு செய்வது, பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கும் முனைகளான ஸ்டட் தரையை விடாமல் பிடித்துக்கொள்வதுதான். வேகமாக ஓடும் வீரர் சட்டென்று உடலைத் திருப்பும்போது பாதமும் சற்றுத் திரும்பியாக வேண்டும்; அது தரையில் பூட்டிக்கொண்டால் முறுக்கு முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறுகிறது. எவரும் மோதாத நிலையிலும் ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருகோணமலையில் அதிகம் நிகழக்கூடிய தவறு, மாரிக்கு வாங்கிய பூட்ஸைக் கோடையிலும் அணிவது. இங்கு பெருமழை ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை பெய்கிறது. மற்ற மாதங்களில் மைதானம் இறுகிவிடும். எஸ்.ஜி. எனப்படும் சேற்றுத்தரைப் பூட்ஸில் முன்பக்கம் நான்கும் குதியில் இரண்டுமாக, திருகிப் பூட்டும் நீண்ட உலோக ஸ்டட்டுகள் வழக்கமாக இருக்கும். ஆனி மாதத்து வறண்ட தரையில் அவை இறங்குவதில்லை. உடற்பாரம் பாதம் முழுவதும் பரவாமல் அந்தச் சில புள்ளிகளிலேயே குவிகிறது. கணுக்காலும் பக்கவாட்டில் எளிதில் மடங்கும்.

இதைக் கண்டறிவது கடினமன்று. பயிற்சியின்போது பின்னால் திரும்பிப் பாருங்கள்: ஸ்டட் குழி பதிக்காமல் மண்ணைக் கீறிச் சென்றிருந்தால், அந்தத் தரைக்கு அது நீளம் அதிகம். ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றும்போது உள்ளங்காலில் ஸ்டட் இருந்த இடங்களில் வட்டமாகச் சிவந்திருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. சுண்டுவிரலுக்குப் பின்னால், பாதத்தின் வெளியோர எலும்பை அழுத்தும்போது வலி தொடர்ந்தால் எலும்பில் வெடிப்பு ஏற்பட்டிருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குக் குதிவலி எளிதில் வருவதால், காய்ந்த தரையில் அவர்களுக்கு உலோக ஸ்டட் அறவே வேண்டாம். இறுகிய புல்தரைக்கு எஃப்.ஜி. வகையின் வார்ப்பு ஸ்டட் போதும். புல்லே இல்லாத வெட்டாந்தரையில், சிறு இறப்பர் முனைகள் நிறைந்த டி.எஃப். வகையே பாதத்துக்கு இதமானது.

அடுத்த தவறு, செயற்கைப் புல்லில் எஃப்.ஜி. பூட்ஸோடு இறங்குவது. இயற்கைப் புல்லில் பிடிப்பு மிகும்போது வேர் அறுந்து மண் பெயர்ந்து காலை விடுவிக்கும். செயற்கை இழை அவ்வாறு எளிதில் விட்டுக்கொடுக்காது. இத்தகைய தரையில், கத்தி அலகு போன்ற தட்டை ஸ்டட்டைக் காட்டிலும் குட்டையான வட்ட ஸ்டட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக உள்ள ஏ.ஜி. பூட்ஸ் நல்லது என்பது என் கருத்து. ஆயினும் வட்ட ஸ்டட் அணிந்தால் தசைநார் கிழியவே கிழியாது என்று எவரும் உறுதி கூற முடியாது. தொடைத்தசையின் வலிமை, களைப்பு, தாவி இறங்கும் முறை ஆகியவையும் இதில் சேரும்.

மாரிக்காலத்தில் எஸ்.ஜி. பூட்ஸை எடுக்கும்போது ஒவ்வொரு ஸ்டட்டையும் சாவியால் இறுக்கி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சீமெந்துத் தளத்தில் நடந்து தேய்ந்த உலோகம் கூராகி எதிராளியின் காலைக் கிழிக்கும் என்பதால், அதை உடனே மாற்ற வேண்டும்.