2 எச்.பி. மாவு மில்லை சோலாரில் ஸ்டார்ட் செய்வது: சாஃப்ட் ஸ்டார்ட்டர் போதுமா, வி.எஃப்.டி. வேண்டுமா?

இன்வெர்ட்டர் 5 கே.வி.ஏ., பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது, வெயிலும் நன்றாக அடிக்கிறது. மில்லில் இருப்பது 2 எச்.பி. மோட்டார்தான், அதாவது 1.5 கிலோவாட். ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமுகிறது, கல் அரைச் சுற்று அசைகிறது, இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிடுகிறது. என் மில்லில் இதைச் சரிசெய்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் இணைப்புகள் எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்டார்டிங் கரண்டை அளந்து பாருங்கள்

2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 230 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதே மோட்டார் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். 6 மடங்கு என்று வைத்தால்:

```
60 A × 230 V = 13,800 VA
```

5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் தொடர்ந்து தரக்கூடியது 22 ஆம்பியர். நல்ல இன்வெர்ட்டர் சில நொடிகளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும், அதாவது 43 ஆம்பியர். மோட்டார் கேட்பது 60. கல் கனமாக இருப்பதால் வேகம் பிடிக்க இரண்டு மூன்று நொடி ஆகிறது, அந்த நேரம் முழுக்க கரண்ட் கிட்டத்தட்ட உச்சத்திலேயே நிற்கும். ஃபேனோ சின்ன பம்போ கண் இமைக்கும் நேரத்தில் வேகம் பிடித்துவிடும், அதனால் இன்வெர்ட்டர் சமாளித்துவிடும். மில்லில் அது நடக்காது.

இதை அளக்க இன்ரஷ் வசதி உள்ள கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டரின் திரை மெதுவாக மாறுவதால், 60 ஆம்பியர் வந்து போனாலும் 25, 30 என்றுதான் காட்டும். அதை நம்பி சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்கினால் கணக்கு முழுவதும் தப்பாகும். இன்ரஷ் பட்டனை மோட்டாரைப் போடுவதற்கு முன்பே அழுத்திவிட வேண்டும். இந்தச் சோதனையை மின்வாரிய சப்ளையிலோ ஜெனரேட்டரிலோ வைத்துச் செய்யுங்கள். இன்வெர்ட்டரில் செய்தால் உச்சத்தைத் தொடும் முன்பே அது அணைந்துவிடும்.

படி 2: சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ன செய்கிறது

சாஃப்ட் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் வோல்ட்டேஜை ஆரம்பத்தில் வெட்டிக் குறைத்து, சில நொடிகளில் படிப்படியாக முழு அளவுக்கு ஏற்றும். வோல்ட்டேஜ் குறைகிற அதே விகிதத்தில் கரண்டும் குறையும். முறுக்குவிசை அப்படியல்ல, வோல்ட்டேஜின் வர்க்கத்தில் குறையும். 60 சதவீத வோல்ட்டேஜ் கொடுத்தால் கரண்ட் 36 ஆம்பியராக இறங்குகிறது, இன்வெர்ட்டருக்கு அது சம்மதம். ஆனால் இழுவை 36 சதவீதம்தான் மிஞ்சும்.

இது போதுமா என்பது மோட்டாரின் வகையைப் பொறுத்தது. ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் உள்ள மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இருப்பதைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு முறுக்குவிசை தரும். அதில் 36 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஓட்ட அளவு முறுக்குவிசை கையில் இருக்கிறது. காலியான கல்லைச் சுற்ற அது போதும். ரன் கெப்பாசிட்டர் மட்டும் உள்ள மோட்டாருக்கு ஸ்டார்டிங் இழுவை முதலிலேயே குறைவு, அதில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் நின்றபடி உறுமும்.

காலியான கல் என்றேன், அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஹாப்பர் வாயை மூடி, கற்களைத் தளர்த்தி இடைவெளி விட்டு, உள்ளே மிச்ச தானியம் இல்லாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முழு வேகம் வந்த பிறகு கல்லை நெருக்கி, அப்புறம் தானியத்தை விடுங்கள். நிறுத்தும்போதும் ஹாப்பரை முதலில் மூடி, உள்ளே இருப்பது அரைந்து முடிந்த பிறகே சுவிட்சை அணையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஸ்டார்ட்டில் கற்களுக்கு நடுவே தானியம் சிக்கியிருக்கும்.

படி 3: நேரத்தை நீட்டினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலான சாஃப்ட் ஸ்டார்ட்டர்களில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று ஆரம்ப வோல்ட்டேஜ், இன்னொன்று ஏறும் நேரம். இன்வெர்ட்டர் அணைந்தால் எல்லோருக்கும் தோன்றுவது நேரத்தை நீட்டலாம் என்பது. சிங்கிள் பேஸ் மோட்டாரில் இதற்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு.

நேரம் குறைவாக இருந்தால், கல் வேகம் பிடிப்பதற்குள் வோல்ட்டேஜ் முழு அளவை எட்டிவிடும், 60 ஆம்பியர் தாமதமாக வந்து சேரும், அவ்வளவுதான். நேரம் அதிகமாக இருந்தால், மோட்டார் மெதுவாகவே சுற்றிக்கொண்டிருக்கும். சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், மோட்டார் தன் வேகத்தில் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தொட்டால்தான் திறக்கும். அதுவரை ஸ்டார்ட் வைண்டிங்கும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் கரண்டில் இருக்கின்றன. இரண்டுமே சில நொடி வேலைக்காகச் செய்யப்பட்டவை. கெப்பாசிட்டர் உப்பிப்போவதும் வைண்டிங் கருகுவதும் இப்படித்தான்.

சுவிட்ச் திறந்ததா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒருமுறை ஓட்டி நிறுத்துங்கள். வேகம் குறைந்து வரும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், திறந்திருந்த சுவிட்ச் மறுபடி மூடும் சத்தம் அது. அந்த ஒலி பழகிய பிறகு பெல்ட்டோடு ஸ்டார்ட் செய்து, சில நொடியில் நிறுத்திக் கேளுங்கள். 'டிக்' வராவிட்டால் சுவிட்ச் திறக்கவே இல்லை, உடனே ஏறும் நேரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது ஆரம்ப வோல்ட்டேஜைக் கூட்ட வேண்டும். என் மோட்டாரில் ஆரம்ப வோல்ட்டேஜ் 60 சதவீதம், நேரம் 3 நொடி என்று வைத்தபோது ஒழுங்காகக் கிளம்பியது. உங்கள் கல்லின் எடைக்கு இது மாறும்.

வாங்கும்போது, கரண்டுக்கு உச்ச வரம்பு வைக்கக்கூடியதும், ஓட ஆரம்பித்த பிறகு உள்ளேயே பைபாஸ் ஆகிற ரிலே உள்ளதுமான சாஃப்ட் ஸ்டார்ட்டராகப் பாருங்கள். பைபாஸ் இல்லாதது மில் ஓடும் நேரமெல்லாம் சூடாகிக்கொண்டே இருக்கும்.

படி 4: மோட்டாரை மாற்ற முடிந்தால் வி.எஃப்.டி.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஏற்கெனவே நல்ல சிங்கிள் பேஸ் மோட்டார் இருந்தால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடுங்கள். மோட்டார் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் 3 பேஸ் மோட்டாரும், சிங்கிள் பேஸ் உள்ளே வாங்கி 3 பேஸ் வெளியே தரும் வி.எஃப்.டி.யும் வாங்குங்கள். வி.எஃப்.டி. வோல்ட்டேஜையும் பிரீக்வன்சியையும் சேர்த்தே ஏற்றுவதால் இழுவை குறையாது, கரண்டும் ஓட்ட அளவைவிட ஒன்றரை மடங்குக்குள் அடங்கும். இன்வெர்ட்டர் பக்கம் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால், கரண்ட் ஓரிரு ஆம்பியரில் தொடங்கி நிதானமாக மேலே ஏறுவது தெரியும். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாரை மட்டும் இந்த வி.எஃப்.டி.யில் இணைக்காதீர்கள்.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் மோட்டாரின் டெர்மினல் பெட்டி. சிங்கிள் பேஸ் வி.எஃப்.டி. வெளியே தருவது 230 வோல்ட் 3 பேஸ். நேம் பிளேட்டில் 230/400 V Δ/Y என்று போட்டிருந்தால் அந்த மோட்டாரை டெல்டாவில் கட்ட வேண்டும். எனக்கு வந்த மோட்டார் ஸ்டாரில் கட்டியே வந்தது. அப்படியே விட்டால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 133 வோல்ட்தான் கிடைக்கும், முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். காலியாக ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது, முழு வேகத்தில் அழகாகச் சுற்றும். தானியம் விழுந்ததும் வேகம் இறங்கி உறுமி நிற்கும், வி.எஃப்.டி. ஓவர்லோடு காட்டும். பார்ப்பவர் வி.எஃப்.டி. திறன் போதவில்லை என்று நினைத்து அடுத்த அளவு வாங்கிவிடுவார். பெட்டியைத் திறந்து தகடுகளைப் பாருங்கள்:

```
ஸ்டார்:   W2–U2–V2      (மூன்றும் ஒரே வரிசையில்)
டெல்டா:   W2–U1   U2–V1   V2–W1   (நேர் கீழாக)
```

திறப்பதற்கு முன் சப்ளையை அணைத்து, வி.எஃப்.டி.யின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள், உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான வோல்ட்டேஜ் சில நிமிடங்கள் தங்கும். நேம் பிளேட்டில் 400 V Y என்று மட்டும் போட்டு மூன்று ஒயர்கள் மட்டுமே வெளியே வந்திருந்தால், அந்த மோட்டார் இதற்கு ஆகாது.

செட்டிங்கில் நான்கு விஷயம் போதும். மோட்டார் வோல்ட்டேஜ் 230, பிரீக்வன்சி 50 ஹெர்ட்ஸ். மோட்டார் கரண்ட், நேம் பிளேட்டில் உள்ள இரண்டில் பெரிய எண், ஏனென்றால் டெல்டாவுக்கு உரியது அதுதான். ஏறும் நேரம் 8 நொடி. நான்காவது நிறுத்தும் விதம், மோட்டாரைத் தானாகச் சுற்றி நிற்க விடுங்கள். கனமான கல்லை வி.எஃப்.டி. பிடித்து நிறுத்தப் பார்த்தால், கல்லின் ஓட்டம் மின்சாரமாகத் திரும்பி வந்து ஓவர்வோல்ட்டேஜில் டிரிப் ஆகும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்காதீர்கள், ஸ்டார்ட் ஸ்டாப் எல்லாம் வி.எஃப்.டி.யின் கன்ட்ரோல் டெர்மினலில்தான்.

பிற்சேர்க்கை 1: மோட்டார் 6 ஆம்பியர்தான் எடுக்கிறது, உள்ளே வரும் ஒயரில் ஏன் 15 காட்டுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சிங்கிள் பேஸில் ஓடும் 1.5 கிலோவாட் வி.எஃப்.டி. முழு லோடில் 14 முதல் 16 ஆம்பியர் எடுப்பது இயல்பு. மூன்று பேஸுக்கான வேலையை ஒரு பேஸிலிருந்து எடுக்கிறது, அதையும் துடிப்புத் துடிப்பாக இழுக்கிறது. அதனால் 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டரில் முயல வேண்டாம், 5 கே.வி.ஏ. சரியாக இருக்கும்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்ட பிறகும் இன்வெர்ட்டர் அணைகிறது, ஆனால் திரையில் வருவது ஓவர்லோடு அல்ல, லோ பேட்டரி. இது வேறு கோளாறு. 48 வோல்ட் பேட்டரியில், நேரடி ஸ்டார்ட்டில் டி.சி. கரண்ட் 150 ஆம்பியரைத் தாண்டும், சாஃப்ட் ஸ்டார்ட்டரிலும் 100 சுலபமாக வரும். ஸ்டார்ட் செய்யும்போது ஒருமுறை பேட்டரி முனையிலும், ஒருமுறை இன்வெர்ட்டரின் டி.சி. முனையிலும் வோல்ட்டேஜைப் பாருங்கள். பேட்டரி முனையில் நிலையாக இருந்து இன்வெர்ட்டர் முனையில் மட்டும் விழுந்தால், கேபிள் மெலிதாக இருக்கிறது அல்லது லக் சரியாக அழுத்தப்படவில்லை, ஸ்டார்ட்டுக்குப் பிறகு தொட்டுப்பார்த்தால் அந்த லக் சுடும். இரண்டிலும் சேர்ந்து விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது அல்லது கொள்ளளவு போதவில்லை.