வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு மாதாந்திரப் பலகாரப் பெட்டி: முதல் பெட்டியைத் தயார் செய்வது எப்படி

கோவில்பட்டியில் இருந்துகொண்டு துபாயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதம் ஒரு பெட்டி அனுப்புகிறேன். மாதச் சந்தா கட்டியவர்களுக்கு நம் பக்கத்துப் பலகாரமும் பொடி வகைகளும் போகும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், ஜி.எஸ்.டி. எண், ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண், வங்கியில் வாங்கும் ஏ.டி. கோட் ஆகிய நான்கும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் முதலில் அவற்றுக்கு விண்ணப்பித்துவிட்டு வாருங்கள்.

படி 1: பெட்டியில் எது போகும், எது போகாது

பலகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெட்டியை எல்லா நாட்டுக்கும் அனுப்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனியாருக்குப் போகும் பார்சலில் பால் பொருள் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய்யும் அங்கேயே அடிபட்டுவிடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. இதில்தான் நான் மாட்டப் பார்த்தேன். ஒருவரிடம் குருமாப் பொடி மொத்தமாக வாங்கிப் பெட்டியிலும் வைத்துவிட்டேன். கூரியர் அலுவலகத்தில் இருந்தவர், "இதில் என்னென்ன போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். பொடி அரைத்தவருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டால், வறுத்த கசகசா சேர்த்திருக்கிறார். பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்துப் பொடியை வெளியே எடுத்தோம்.

அதிலிருந்து, பொடி எதுவானாலும் அரைப்பவரிடம் முழுச் சேர்மானத்தையும் எழுத்தில் வாங்காமல் எடுப்பதில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருப்பதும் அப்படி வாங்கிய பட்டியலில்தான் கண்ணில் பட்டது. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது தெரிந்தாக வேண்டும். லேபிளில் தனியாக அச்சிடுகிறேன்.

இப்போது என் பெட்டியில் போவது: கோவில்பட்டி கடலை மிட்டாய் 400 கிராம், உடன்குடி கருப்பட்டி 250, சாம்பார் பொடி 250, இட்லிப் பொடி 200, மணப்பாறை முறுக்கு 200, சாத்தூர் காரச்சேவு 200, சுண்டைக்காய் வற்றல் 100. எல்லாம் சேர்த்து 1,600 கிராம்.

படி 2: பொட்டலம்

முறுக்கும் சேவும் முழுக்க ஆறிய பிறகுதான் பைக்குள் போக வேண்டும். வெளியே ஆறினதுபோல் தெரிந்தாலும் குவியலின் நடுவில் சூடு இருக்கும். அந்தச் சூட்டோடு ஒட்டினால் பையின் உள்பக்கம் வியர்த்து, போய்ச் சேரும்போது முறுக்கு நமுத்திருக்கும். தட்டில் பரப்பி வைத்து, நடுவில் இருக்கும் முறுக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். துளிச் சூடும் இல்லையென்றால் சரி.

பைக்கு என் தேர்வு உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய பவுச். சாதாரண பிளாஸ்டிக் கவரில் வெளிச்சமும் காற்றும் புகுந்து, எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். முறுக்குக்கு வேக்குவம் பேக்கிங் வேண்டாம், காற்றை உறிஞ்சும்போதே பை அமுக்கி நொறுக்கிவிடும். நைட்ரஜன் நிரப்பி ஒட்டுங்கள். சொந்தமாக மெஷின் வாங்க வேண்டியதில்லை. சிப்ஸ் போடும் சிறிய பேக்கிங் யூனிட்களில் கூலிக்குச் செய்து கொடுப்பார்கள்.

பொடிகளுக்கு இரட்டைப் பை கட்டாயம். ஒற்றைப் பையில் வைத்த மாதம் கடலை மிட்டாய் முழுக்கப் பெருங்காய வாசனை.

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றிலும் ஒரு பொட்டலத்தை வீட்டு அலமாரியில் நிறுத்திவைத்து முப்பதாம் நாள் பிரித்துப் பார்க்கிறேன். அன்று சேவில் சிக்கு வாடை வந்தால் அடுத்த மாதம் அந்தக் கடையில் வாங்குவதில்லை. லேபிளில் என்ன தேதி போட்டிருந்தாலும் நான் நம்புவது இந்தப் பொட்டலத்தைத்தான்.

படி 3: அளவு எடுப்பது (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

என் முதல் பெட்டி தராசில் 2.2 கிலோ காட்டியது. கூரியர்காரர் போட்ட பில் 3.5 கிலோவுக்கு. தராசு தப்பு என்று வாதாடினேன். தப்பு என்னுடையது.

விமானத்தில் போகும் பார்சலுக்கு, அது அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் கன எடை வரும். அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பில். என் பெட்டி 35 × 25 × 20. பெருக்கினால் 17,500, வகுத்தால் 3.5. முறுக்கைச் சுற்றி இருந்த காற்றுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

சரி என்று அடுத்த மாதம் 30 × 22 × 15 பெட்டி வாங்கினேன். கணக்குப்படி 1.98 கிலோ. இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிட்டது என்று நிம்மதியாகக் கொண்டுபோனால், பில் 2.5 கிலோவுக்கு வந்தது.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. நைட்ரஜன் நிரப்பிய பவுச்கள் தலையணைபோல் உப்பி, மூடியை மேலே தள்ளியிருந்தன. கூரியரில் அளப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட அளவை அல்ல, உப்பிய இடத்தின் உச்சத்தை. உயரம் 16 ஆனதும் கணக்கு 2.11 ஆகிவிட்டது. அரை கிலோ படிகளாகப் பில் போடுவதால் அது 2.5க்குத் தாவிவிட்டது. ஒரு செ.மீ. உப்பலுக்கு அரை கிலோ கட்டணம்!

இப்போது வாங்குவது 30 × 22 × 14 பெட்டி. உப்பி 15 ஆனாலும் 1.98தான். பலகாரம் 1,600 கிராம், பெட்டியும் பொதியும் 250 கிராம், ஆகத் தராசு எடை 1.85 கிலோ. இரண்டு வழியிலும் இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது.

கூகுள் ஷீட்டில் A, B, C பத்திகளில் நீளம், அகலம், உயரம் (செ.மீ.), D பத்தியில் தராசு எடை (கிலோ) போட்டு இதை ஒட்டுங்கள். உயரத்துக்கு ஒரு செ.மீ. உப்பலை அதுவே சேர்த்துக்கொள்ளும்:

```
=CEILING(MAX(A2*B2*(C2+1)/5000, D2), 0.5)
```

5000 என்பது பல கூரியர்கள் வைத்திருக்கும் எண். உங்கள் கூரியர் வேறு எண் வைத்திருக்கலாம், கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டிகளை மொத்தமாக ஆர்டர் செய்வதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி, முழுக்க அடுக்கி டேப் ஒட்டி, ஒரு இரவு விட்டுக் காலையில் அளந்து பாருங்கள். நான் முதலிலேயே இருநூறு வாங்கிவிட்டேன்.

படி 4: காகிதம்

கூரியர் ஏஜெண்டுகளில் சிலர் "கிஃப்ட் என்று போட்டுவிடலாம், வேலை சுலபம்" என்பார்கள். கேட்காதீர்கள். கூரியர் ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம் கிஃப்டுக்கும் மாதிரிக்கும் CSB-IV, விற்பனைக்கு CSB-V. சந்தா வாங்கி அனுப்புவது விற்பனைதான். பொருள் பட்டியலில் "snacks" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், ஒவ்வொன்றுக்கும் பெயர், எடை, விலை தனித்தனியாக எழுதுங்கள். பெட்டியை யாராவது பிரித்தாலும் உள்ளே இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: சிங்கப்பூருக்குக் கசகசா போகுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அங்கேயும் தடைதான், பொடியில் கலந்தும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று: லண்டன், பாரிஸ் பக்கம் எப்போது என்று பலர் கேட்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்திய வேர்க்கடலை, மிளகாய், மசாலாப் பொருள்களுக்குக் கூடுதல் சோதனை வைத்திருக்கிறார்கள். என் பெட்டியில் பாதி அவைதான். பாரிஸுக்கு அவை இல்லாத பட்டியல் ஒன்று தயார் செய்தால்தான் தொடங்க முடியும். லண்டனுக்கு விதி தனி, அதை இனிமேல்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.