மங்கிய சிவப்புத் தரை, மொசைக் தரை: பளபளப்பைத் தேடிப்போய்ச் செய்யும் தவறுகள்

ரெட் ஆக்சைடு தரையோ மொசைக் தரையோ மங்கிப்போனால், எதைப் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மங்கியிருப்பது தரையா, அல்லது தரைமேல் படிந்திருக்கும் படலமா? சோப்பு, உப்புத்தண்ணீர், பழைய மெழுகு, எண்ணெய்ப்பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு தோல்போல உட்கார்ந்திருந்தால் அதைக் கழுவி எடுத்தாலே போதும். தரையே தேய்ந்தோ அரிக்கப்பட்டோ போயிருந்தால் எவ்வளவு கழுவினாலும் பயன் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் வேலையில் இறங்குவதால்தான் பல நல்ல தரைகள் வீணாகின்றன.

பார்ப்பது சுலபம். மங்கல் நன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு சதுர அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு டீஸ்பூன் கலந்து, அந்த இடத்தில் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். கீறல் போடாத வெள்ளை நாரால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை அங்கேயே காயவிடாமல் துணியால் ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். அப்புறம் குனிந்து, ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டு எதிரே வரும்படி பாருங்கள். அந்தச் சதுரம் மட்டும் மினுங்கினால் உங்கள் பிரச்சினை படலம்தான். ஈரமாக இருக்கும்போது அழகாக இருந்துவிட்டு, காய்ந்ததும் வெளிறிப்போனால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது என்று அர்த்தம்.

நகத்தால் சுரண்டியும் பாருங்கள். மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் சுருண்டு வந்தால் அது பழைய மெழுகு. சோப்புக்கு அது அசையாது. மினரல் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடைத்தால் வரும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு, விளக்கு எதுவும் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை அது.

இரண்டும் ஒரே தரை இல்லை

அடுத்த தவறு, இரண்டு தரைக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பது. மொசைக் என்பது சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து போட்டு, இறுகிய பிறகு மெஷின் கல்லால் தேய்த்து எடுத்த தரை. தேய்த்துத்தான் அதற்குப் பளபளப்பே வந்தது. அதனால் மங்கினால் மறுபடியும் தேய்க்கலாம். கீழே இருப்பதும் அதே சில்லு, அதே சிமெண்டுதான்.

சிவப்புத் தரை அப்படி இல்லை. சிமெண்டோடு இரும்பு ஆக்சைடு நிறப்பொடியைக் கலந்து, சாதாரணத் தளத்தின்மேல் மெல்லிசாகப் பூசி, கரணையால் திரும்பத் திரும்ப அழுத்தி இழைத்தது அது. அந்த அழுத்தத்தில்தான் மேற்பரப்பு நெருக்கமாகி வழவழப்பு வந்தது. அந்தச் சிவப்பு சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே சாம்பல் நிறம். மொசைக்குக்கு வரும் மெஷினை அப்படியே இதன்மேல் ஓட்டினால், கொத்தனார் கையால் இழைத்த அந்த நெருக்கமான தோல்தான் முதலில் போகும். தளம் எங்கெல்லாம் லேசாக மேடாக இருக்கிறதோ அங்கெல்லாம் சாம்பல் திட்டு தெரிய ஆரம்பிக்கும். "லேசா ஒரு தேய் தேய்ச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். போன சிவப்பு திரும்பி வராது.

ஆசிட்

அதிகமான தரைகளைக் கெடுப்பது இதுதான் என்பேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊற்றினால் அழுக்கு பொங்கி வருவதுபோல நுரைக்கும். அந்த நுரை அழுக்கு இல்லை. மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லு கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டதும் அது கரைந்து, கரியமில வாயுவாகக் குமிழிவிடுகிறது. அதாவது உங்கள் தரைதான் நுரைத்துப் போகிறது. சில்லுகளைச் சுற்றியுள்ள சிமெண்டும் கரையும். அதனால்தான் ஆசிட் போட்ட அன்று வெள்ளையாகத் தெரிந்த தரை, ஒரே மாதத்தில் முன்னைவிட மோசமாக அழுக்குப் பிடிக்கிறது. கையால் தடவினால் உப்புத்தாள்போல நறநறக்கும்.

சிவப்புத் தரையில் நிறப்பொடி ஆசிட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆனால் அதைப் பிடித்துவைத்திருக்கும் சிமெண்ட் கரைந்துவிடும். பிடிப்பில்லாத நிறம் துடைக்கத் துடைக்க மாப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். எலுமிச்சை, வினிகர் "இயற்கையானது" என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். அவையும் அமிலம்தான், மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான்.

அப்படியானால் மொசைக் பாலிஷில் ஆக்சாலிக் ஆசிட் போடுகிறார்களே என்று கேட்கலாம். அது வேறு வேலை. அது கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கால்சியம் ஆக்சலேட்டாக மாறி மேற்பரப்பிலேயே தங்குகிறது. மென்மையான பேடு வைத்து மெஷினில் ஓட்டும்போது அது மினுமினுப்பாகிறது. ஆனால் சொரசொரப்பான தரையில் இந்தப் பொடியைக் கொட்டித் தேய்த்தால் எதுவும் நடக்காது. கல் போட்டு வழவழப்பாக்கிய பிறகு கடைசியாகப் போட வேண்டியது. வாயில் போனால் விஷம் என்பதால் கையுறையும் முகமூடியும் கட்டாயம். குழந்தைகள் தவழும் வீடு என்றால் முடிந்த பிறகு நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

கூடம் சிவப்புத் தரை, உள்ளறை மொசைக். நீண்ட நாள் பூட்டிக் கிடந்து, இப்போது குடிவரப் போகிறார்கள். கூடம் முழுக்கப் பழுப்பாக மங்கியிருக்கிறது. வாசல் பக்கம் இரண்டடி அகலத்துக்கு வெளிறிய திட்டு. வடக்குச் சுவர் ஓரம் வெள்ளைப் பொடி. உள்ளறை மொசைக்கில் நடக்கும் பாதை மட்டும் மங்கல். கட்டில் கிடந்த இடம் இன்னும் பளபளக்கிறது.

இந்த நான்கும் நான்கு வேறு கதைகள். கூடத்தின் நடுவில் ஒரு சதுர அடி சோதனை செய்தால் சிவப்பு மேலே வந்துவிடுகிறது; அது வெறும் படலம். வாசல் பக்கம் கழுவியும் வெளிறல் போகவில்லை. காய்ந்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் சிவப்பு ஒட்டுகிறது. யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவிய இடமாக இருக்கலாம். எப்படியானாலும் அங்கே தரையே உதிர்கிறது.

சுவர் ஓரத்து வெள்ளைப் பொடி, கீழிருந்து ஈரம் ஏறி உப்பு பூத்தது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அதைத் துடைத்துவிட்டு மேலே எப்பாக்சி, பாலியூரித்தேன் மாதிரி கெட்டியான கோட்டிங் அடித்துவிடுகிறார்கள். ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லாமல், அடியில் உப்பு பூத்து, கோட்டிங் கொப்புளமாகக் கிளம்பும். அது உரியும்போது சிவப்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்ளே நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. வெளியே தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் கசிகிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் முதல் வேலை. உப்பைத் தண்ணீர் விடாமல் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளினால் போதும். தண்ணீர் விட்டால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

இப்போது கூடத்துக்கு வருவோம். பகுதி பகுதியாகக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். வாசல் பக்கத்து உதிரும் இடத்துக்கு மட்டும் சிமெண்ட் தரையை இறுக்கும் சிலிகேட் திரவம் போடலாம். அது உள்ளே இறங்கி சிமெண்டோடு சேர்ந்து இறுகும். உள்ளே போகாமல் மேலே மிஞ்சியதைக் காயும் முன் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும். பிறகு தரை மெழுகு. இதை அள்ளிப் பூசுவதுதான் வழக்கமான தவறு. துணியில் கொஞ்சமாக எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவி, கால் மணி முதல் அரை மணி நேரம் கழித்துக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பளபளப்பு வருவது அந்தத் தேய்ப்பில்தான், மெழுகின் அளவில் இல்லை. கெட்டியாகப் பூசினால் தூசி ஒட்டும், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாத எண்ணெய். பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைப் பிடித்து, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் படலத்தைத் தானே உண்டாக்கும். ஆளி விதை எண்ணெய் இறுகும், ஆனால் நிறத்தைக் கறுக்கவைக்கும். அது தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

உள்ளறை மொசைக்குக்கு மெஷின் கூப்பிடலாம். இங்கே தவறு பெரும்பாலும் அவசரத்தில் வருகிறது. 60, 120, 220, 400 என்று கரடுமுரடான கல்லிலிருந்து நைசான கல்வரை வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு கல்லும் முந்தின கல் போட்ட கீறலை எடுப்பதற்குத்தான். இந்த அறைபோல வெறும் மங்கல்தான், பள்ளமோ ஆழமான கறையோ இல்லை என்றால் 60 தேவையே இல்லை, 120இலோ 220இலோ ஆரம்பிக்கலாம். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அன்றைக்குத் தெரியாது. ஆக்சாலிக் போட்ட பளபளப்பில் மறைந்திருக்கும். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும்போது வட்ட வட்டமான கீறல்கள் தெரியும். அதனால் ஒவ்வொரு கல் முடிந்ததும் சேற்றைக் கழுவி, ஒரு பகுதியைத் துடைத்துக் காயவைத்து, டார்ச் லைட்டைத் தரையோடு சாய்த்துப் பாருங்கள். ஈரத்தரை எப்போதும் நன்றாகவே தெரியும், அதை நம்பி அடுத்த கல்லுக்குப் போகக் கூடாது.

சில்லுகள் பெயர்ந்த குழிகளை முதல் கல் முடிந்ததும் அதே நிற சிமெண்ட் பால் வைத்து அடைத்து, சில நாள் இறுகவிட்டு அடுத்த கல் ஓட்ட வேண்டும். அடைத்த நிறம் சரியா என்பதையும் காய்ந்த பிறகே பாருங்கள். ஈர சிமெண்ட் கறுப்பாகத் தெரியும். தேய்த்த சேறு சாக்கடைக் குழாயில் போகக் கூடாது. அங்கேயே சிமெண்டாக இறுகி அடைத்துக்கொள்ளும். அள்ளி வாளியில் எடுத்துவிடுவதுதான் சரி.

கூடத்தில் ஏற்கெனவே சாம்பல் தெரியும் திட்டு ஏதாவது இருந்தால், அதன்மேல் சிவப்பு எனாமல் அடிக்க வேண்டாம். கால் படும் இடத்தில் சீக்கிரமே செதில் செதிலாகக் கிளம்பும். நிறப்பொடியை மெழுகில் குழைத்துத் தேய்த்தால் ஓரளவு மறையும். அவ்வப்போது திரும்பத் தேய்க்க வேண்டியிருக்கும், புதிதில் வெள்ளைப் பாயில் கொஞ்சம் ஒட்டவும் செய்யும். திட்டு பெரியது என்றால் அந்தப் பகுதியைக் கொத்தி, ஆக்சைடு தரை போட்டுப் பழகிய கொத்தனாரை வைத்துப் புதிதாகப் போடலாம். அப்போதும் புதுச் சிவப்பு பழைய சிவப்போடு முழுதாக ஒத்துப்போகாது. அதனால் நடுவில் ஒட்டுப்போடாமல், வாசற்படி ஓரமோ கோடு போட்ட கட்டமோ எது எல்லையாக இருக்கிறதோ அதுவரை முழுதாக எடுத்துப் போடச் சொல்லுங்கள்.